படத்தில் வந்த மூன்று சேவல்கள்

கேள்வி: ஐயா, எங்களிடம் ஒன்பது ஊர்ப்பேடுகள் நிற்கின்றன. இருந்த ஒரே சேவலை இரண்டு கிழமைக்கு முன் நாய் பிடித்துவிட்டது. வாட்ஸ்அப்பில் மூன்று பேர் சேவல் படம் அனுப்பியிருக்கிறார்கள். கிண்ணியாச் சேவலுக்குப் பெரிய கொண்டை, செம்பொன் நிறம், பார்க்க நல்ல வடிவு. மூதூர்ச் சேவல் நெடுநெடுவென்று நிமிர்ந்து நிற்கிறது, கொண்டைதான் சின்னது. தம்பலகாமத்துச் சேவலுக்குக் கழுத்தில் இறகே இல்லை, கட்டையாகவும் தெரிகிறது, பார்க்க வடிவில்லை, ஆனால் விலை குறைவு. அவரே இரண்டு பேடும் சேர்த்துத் தரலாம் என்று படம் அனுப்பியிருக்கிறார், அதில் ஒன்றுக்குக் கால் வெளிறிப்போய்க் கிடக்கிறது. எனக்கு முட்டையும் வேண்டும், குஞ்சும் வேண்டும். போய்ப் பார்த்து வர வீட்டில் ஆள் இல்லை. படங்களை இத்துடன் அனுப்புகிறேன். எதை எடுக்கலாம்? — வாசகி, சாம்பல்தீவு

பதில்: தங்கச்சி, மூன்று பேருக்கும் இப்போதைக்குப் பணம் அனுப்பாதீர்கள். மூதூர்ச் சேவலை விட்டுவிடலாம். மற்ற இரண்டில் என் மனம் தம்பலகாமத்துச் சேவல் பக்கம் சாய்கிறது. ஆனால் இன்னும் நான்கு படங்கள் வந்த பிறகுதான் முடிவு சொல்ல முடியும். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் நாளைக்கு வேறொரு படம் வரும்போது நீங்களே பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்பது பேடுக்கு ஒரு சேவல் என்றால் இனி உங்கள் முற்றத்தில் பொரிக்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் அதுதான் தகப்பன். ஒரு பேடு பிழையாக அமைந்தால் அந்தப் பிழை அதன் குஞ்சுகளோடு போய்விடும். சேவல் பிழையாக அமைந்தால் ஒரு வருடத்துக் குஞ்சுகள் அத்தனையும் பிழையாகிவிடும். அதனால் சேவல் படத்தை மட்டும் அவசரப்பட்டுப் பார்க்கக் கூடாது. படம் பார்க்கும்போது "இதில் எது நல்லது" என்று தேடுவதைவிட "இதில் எதைக் கழிக்கலாம்" என்று தேடுவதுதான் என் வழக்கம். கூடாததைப் படம் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். நல்லது என்று அது சொல்வதில் பாதி வெளிச்சத்தின் வேலை.

முதலில் படம் எப்படி எடுத்தது என்று பாருங்கள். கிண்ணியாப் படத்தை எடுத்தவர் நிலத்தோடு குனிந்து, இரண்டு அடி தூரத்திலிருந்து எடுத்திருக்கிறார். போன் கமெரா கிட்ட இருப்பதைப் பெரிதாக்கும். அதனால் நெஞ்சும் தலையும் பெருத்து, பின்பக்கம் ஒடுங்கித் தெரிகிறது. தம்பலகாமத்துப் படம் இதற்கு நேர்மாறு. கூட்டுக்குள் தீன் கொத்திக்கொண்டிருந்த சேவலை நின்றபடி மேலிருந்து எடுத்திருக்கிறார். மேலிருந்து எடுத்தால் எந்தச் சேவலும் கட்டைக்காலாகத்தான் தெரியும். நீங்கள் "கட்டை" என்று எழுதியது சேவலின் குறை அல்ல, எடுத்தவர் நின்ற இடத்தின் குறை. படத்தில் அதன் பின்னால் ஒரு சீமெந்துக் கல் தெரிகிறது. உங்கள் மதிலில் இருக்கும் அதே மாதிரிக் கல்லை அளந்து பாருங்கள். சேவலின் முதுகு அந்தக் கல்லின் இரண்டு மடங்கு உயரத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஊர்ச்சேவலுக்கு அது நல்ல உயரம்தான். கிண்ணியாப் படத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொருளும் இல்லை. கால்கள் புல்லுக்குள் மறைந்துவிட்டன.

நிறத்துக்கும் இதே கதைதான். கிண்ணியாப் படம் பொழுதுபடும் நேரத்தில் எடுத்தது. பின்னால் கொடியில் காயும் வெள்ளைச் சாரத்தைப் பாருங்கள், அது மஞ்சளாகத் தெரிகிறது. வெள்ளைத் துணியே மஞ்சளாக வந்திருந்தால் கொண்டையின் சிவப்பையும் இறகின் பொன் நிறத்தையும் நம்ப முடியுமா? படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய ஏதாவது ஒன்றைத் தேடிப்பிடித்து, அது வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொண்டைக்குப் போக வேண்டும்.

சரி, கொண்டை. கொண்டையில் இரண்டு விடயம் இருக்கிறது: வடிவம், நிலை. வடிவம் பரம்பரையைச் சொல்லும், நிலை இன்றைய உடல்நலத்தைச் சொல்லும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பெரிய கொண்டை என்றதும் ஆட்கள் மயங்குகிறார்கள்.

வடிவத்தைப் பார்த்தால், கிண்ணியாச் சேவலுக்கு இருப்பது ஒற்றைக் கொண்டை, வாள் மாதிரி நிமிர்ந்து பல்வைத்தது. மூதூர்ச் சேவலுக்கு இருப்பது பட்டாணிக் கொண்டை. பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று தாழ்ந்த வரிசைகள் தெரியும், நடு வரிசை சற்று உயரம். அது "வளராத" கொண்டை அல்ல, பிறப்பிலேயே அந்த வடிவம். ஒற்றைக் கொண்டைக்கு மேல் பட்டாணிக் கொண்டை ஓங்கி நிற்கும். அதனால் உங்கள் ஒற்றைக் கொண்டைப் பேடுகளோடு அந்தச் சேவலைச் சேர்த்தால் பாதிக் குஞ்சுகளாவது, சிலவேளை எல்லாக் குஞ்சுகளும், பட்டாணிக் கொண்டையோடுதான் வரும். மெண்டலின் பரம்பரை விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902-ல் வில்லியம் பேட்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி காட்டியதே இந்தக் கொண்டைகளை வைத்துத்தான். கொண்டை வடிவம் அவ்வளவு தெளிவாகத் தலைமுறை தாண்டி இறங்கும். ஆனால் அதோடு முட்டையும் இறங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கொண்டை வடிவத்துக்கும் முட்டை எண்ணிக்கைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. அது சொல்வது, இந்தச் சேவலின் இரத்தத்தில் எந்த இனம் கலந்திருக்கலாம் என்பதைத்தான்.

நிலை என்பது வேறு. நல்ல உடல்நலத்தோடு, வயதுக்கு வந்து, மிதிக்கும் பருவத்தில் நிற்கும் சேவலின் கொண்டை செவ்வரத்தம் பூ மாதிரி ஒரே சிவப்பாக, தடிப்பாக, சற்று மினுங்கிக்கொண்டு இருக்கும். ஆண் சுரப்பு நன்றாக ஊறினால்தான் அது அப்படி வளரும். வெளிறினால் குடற்புழுவோ, செள்ளோ, கழிச்சலோ இரத்தத்தைக் குறைத்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். நுனிகள் நீலம் பாரித்திருந்தால் இரத்த ஓட்டமோ மூச்சோ சரியில்லை, அந்தச் சேவலை விட்டுவிட வேண்டும். இவ்வளவையும் நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தில்தான் சொல்லலாம்.

கிண்ணியாச் சேவலின் தலையை விரலால் நீட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டாவது பல்லின் அடியில் மூன்று கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. இரண்டு காரணம் இருக்கலாம். வேறு சேவலோடு கொத்துப்பட்டிருக்கலாம், அல்லது கோழி அம்மையாக இருக்கலாம். கொத்துக் காயம் கீறல் மாதிரி நீளமாக இருக்கும், காய்ந்த இரத்தம் தட்டையாக ஒட்டியிருக்கும், ஒரு கிழமையில் மாறிவிடும். அம்மைப் பொருக்கு அப்படியல்ல. மரு மாதிரி மேலெழும்பி, ஓரம் சொரசொரப்பாக, தனித்தனியாக நிற்கும். கொண்டையோடு நில்லாமல் கண் இமையிலும் சொண்டின் கடைவாயிலும் வரும். நம் பக்கம் மாரி மழை தொடங்கி நுளம்பு பெருகினால் இந்த நோய் கூடும், நுளம்புதான் ஒரு கோழியிலிருந்து மற்றதுக்குக் கொண்டுபோகிறது. இந்தப் படத்தில் இமை சுத்தமாக இருக்கிறது, ஆனால் கடைவாய் தெரியவில்லை. அதனால்தான் தலையின் மறுபக்கப் படமும் வேண்டும் என்கிறேன். அம்மையாக இருந்தாலும் சேவலை ஒரேயடியாகத் தள்ள வேண்டியதில்லை. பொருக்கு எல்லாம் உதிர்ந்து தோல் சுத்தமான பிறகு, அதாவது மூன்று நான்கு கிழமை கழித்து, எடுக்கலாம். பொருக்கோடு மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. உதிரும் பொருக்கில்தான் கிருமி இருக்கிறது.

தலைப் படத்தில் கண்ணையும் பாருங்கள். கருமணி வட்டமாக, சுற்றி இருக்கும் வளையம் செம்மஞ்சளாக, இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வளையம் சாம்பல் பூத்து, கருமணியின் ஓரம் கோணலாகப் போயிருந்தால் அது மாரெக்ஸ் நோயின் அடையாளமாக இருக்கலாம். கொண்டை எவ்வளவு வடிவாக இருந்தாலும் அந்தச் சேவல் வேண்டாம்.

இனி மூதூர்ச் சேவலை ஏன் விட்டேன் என்று சொல்கிறேன். பட்டாணிக் கொண்டை, தடித்த கழுத்து, உடம்போடு ஒட்டிய குறுகிய இறகு, ஏணி சாத்தியது மாதிரி செங்குத்தாக இறங்கும் முதுகு, கீழே தொங்கும் வால். இந்த ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்தால் அசில் என்ற சண்டைச்சேவல் இனத்தின் சாயல் என்று சொல்லலாம். தசைப்பிடிப்புள்ள இனம், வலுவான இனம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வழியில் வரும் பேடுகள் முட்டை குறைவாக இடும், சீக்கிரமே அடைக்குப் படுக்கும், குஞ்சுகள் முதிர நாள் எடுக்கும், சேவல்குஞ்சுகள் வளர வளர ஒன்றையொன்று குத்திக்கொள்ளும். முட்டையும் வேண்டும் என்று கேட்கும் உங்களுக்கு அது பொருந்தாது.

இதில் ஒரு எச்சரிக்கை. நிமிர்ந்து நிற்பதை மட்டும் வைத்து நான் முடிவெடுக்கவில்லை, நீங்களும் எடுக்காதீர்கள். பயந்த சேவல் எதுவும் கழுத்தை நீட்டி நிமிரும். அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு பிள்ளையின் கை தெரிகிறது, யாரோ கிட்டப் போயிருக்கிறார்கள். கொண்டையும் இறகும் வாலும் அதே கதையைச் சொன்னதால்தான் நிற்பையும் கணக்கில் சேர்த்தேன். நிற்கும் வடிவத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் தீன் தின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருக்கும்போது எடுத்த இருபது வினாடி வீடியோ ஒன்று போதும். நல்ல இனவிருத்திச் சேவல் நடக்கும்போது முதுகு ஏறக்குறைய மட்டமாக, பின்பக்கம் சற்றே சரிந்து, வால் அளவாக உயர்ந்து இருக்கும். நொண்டினாலும், ஒரு காலை எடுத்து எடுத்து வைத்தாலும் வீடியோ மறைக்காது.

கால் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூன்று பேரில் ஒருவரும் அதைக் காட்டவில்லை. பின்னால் இருந்து எடுத்த படத்தில் இரண்டு கணுக்காலும் ஒன்றையொன்று தொடாமல், பாதங்களுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். கணு உள்ளே மடங்கி ஒட்டினால் பாரம் தாங்காது. சேவல் மிதிக்கும்போது பேட்டின் முதுகில் சரியாக நிற்க முடியாவிட்டால் முட்டை கூழ்தான். வால் ஒரு பக்கம் திரும்பியிருக்கிறதா என்பதும் பின்பக்கப் படத்தில்தான் தெரியும். விரல்கள் நேராக இருக்கிறதா, பின்விரல் பின்னுக்குத்தான் போகிறதா, காலின் செதில்கள் படிந்து இருக்கிறதா, அல்லது சுண்ணாம்பு பூசியது மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். செதில் தூக்கியிருந்தால் செதிலுக்குள் செள்ளு இருக்கிறது. அதற்கு மருந்து உண்டு. கோணல் விரலுக்கும் கோணல் வாலுக்கும் மருந்து இல்லை, அவை குஞ்சுகளுக்கும் இறங்கக்கூடும்.

குதிமுள்ளையும் மறக்க வேண்டாம். வயதுக்கு அது ஒரு தோராயக் கணக்கு. வெறும் மொட்டாக இருந்தால் வயது ஒன்றுக்குள், விரல்நகம் அளவுக்கு வளர்ந்திருந்தால் ஒரு வயதைச் சுற்றி, நீண்டு மேல்நோக்கி வளைந்திருந்தால் இரண்டைத் தாண்டிவிட்டது. இதில் நான் பட்டது ஒன்று உண்டு. ஏழெட்டு வருடத்துக்கு முன், கன்னியாவில் என் சொந்தக் கூட்டுக்காகப் போனில் ஒரு சிவப்புச் சேவலைப் பார்த்தேன். முகில் இல்லாத காலை வெளிச்சம், அரிவாள் மாதிரி வளைந்த கரும்பச்சை வால், குறை சொல்ல ஒன்றும் இல்லாத படம். கால் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை. கால்நடைப் போதனாசிரியராக ஊர் ஊராய்ப் போய் மற்றவர்களுக்குச் சொன்னவன் நான். வந்து இறங்கிய சேவலின் குதிமுள் என் சுண்டுவிரல் நீளம், நுனி வளைந்து நின்றது. படம் இரண்டு வருடம் பழசு. பன்னிரண்டு முட்டை அடைக்கு வைத்தேன், ஏழாம் இரவு டோர்ச் அடித்துப் பார்த்தபோது ஒன்பது முட்டை கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது. வயதாக ஆகக் கருக்கட்டும் சக்தி குறையும். அன்றிலிருந்து காலைக் காட்டாத படத்துக்கு நான் விலை பேசுவதில்லை.

இப்போது தம்பலகாமத்துச் சேவல். கழுத்தில் இறகில்லாத கோழி வான்கோழியோடு கலந்து பிறந்தது என்று நம் ஊரில் சொல்வார்கள். அது சரியல்ல. அது முழுக்கக் கோழிதான், கழுத்து இறகை முளைக்க விடாத ஒரே ஒரு மரபணு அதில் இருக்கிறது. முதலில் இது பிறவியா, இறகு உதிர்ந்ததா என்று பிரித்தறிய வேண்டும். பிறவி என்றால் தோல் வழவழப்பாக, வெயில் பட்ட இடம் சிவந்து, இறகு தொடங்கும் எல்லை இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கோடு போட்டது போல இருக்கும். கொத்துப்பட்டோ செள்ளுப் பிடித்தோ உதிர்ந்திருந்தால் எல்லை தாறுமாறாக இருக்கும், உடைந்த இறகின் அடித்தண்டுகள் முள் முள்ளாகத் தெரியும். இந்தப் படத்தில் கோடு சுத்தமாக இருக்கிறது. பிறவிதான்.

அடுத்து, கழுத்தின் முன்பக்கத்தில் நெஞ்சுக்குச் சற்று மேலே ஒரு சின்ன இறகுக் குஞ்சம் தெரிகிறது, பார்த்தீர்களா? அந்தக் குஞ்சம் முக்கியம். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் அந்த மரபணுவின் இரண்டு பிரதி வாங்கிய கோழிக்குக் கழுத்து ஏறக்குறைய முழு மொட்டையாக இருக்கும். ஒரு பிரதி மட்டும் இருந்தால் இந்தக் குஞ்சம் நிற்கும். ஆகவே இந்தச் சேவலிடம் ஒரு பிரதி. உங்கள் பேடுகள் எல்லாம் கழுத்தில் இறகுள்ளவை என்றால் இருபது குஞ்சில் சராசரியாகப் பத்துக்கு மொட்டைக் கழுத்து வரும், பத்து வழமையாக இருக்கும். ஒரு அடையில் ஏழும் பதின்மூன்றுமாக வந்தாலும் அதிசயம் இல்லை. ஒரு படத்தைப் பார்த்துக் குஞ்சுகளைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடிய விடயம் கோழியில் அதிகம் இல்லை.

இதனால் உங்களுக்கு என்ன லாபம்? ஒரு பிரதி இருந்தாலே உடம்பின் மொத்த இறகில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். வைகாசி, ஆனியில் கச்சான் காற்று அனலாக அடிக்கும்போது உங்கள் கோழிகள் செட்டையை விரித்து, வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு நிழலில் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது தீன் எடுக்காது, முட்டை குறையும், சேவலின் விந்தும் கெடும். வெறும் கழுத்து வழியாகச் சூடு வெளியேறுவதால் இந்த வகை அந்த நாட்களைக் கொஞ்சம் இலகுவாகக் கழிக்கும். இறகு வளர்க்கப் போகும் புரதத்திலும் ஒரு பகுதி மிச்சப்பட்டுத் தசைக்குப் போகும். எதிர்ப்பக்கமும் இருக்கிறது. மார்கழி மழையில் பொரிக்கும் மொட்டைக் கழுத்துக் குஞ்சுக்குக் குளிர் சீக்கிரம் பிடிக்கும். அந்தக் குஞ்சுகளை மற்றவற்றைவிட இன்னும் ஒரு கிழமையாவது கூடுதலாகச் சூட்டில், நனையாமல் வைத்திருக்க வேண்டும். பார்க்க வடிவில்லை என்றீர்கள். இறைச்சிக்கு விற்கும்போது சிலர் அதே காரணத்தால் விலையைக் குறைத்துக் கேட்பார்கள், அதையும் கணக்கில் எடுங்கள்.

முட்டையைப் பற்றிப் படம் ஒன்றும் சொல்லாது. சேவல் முட்டையிடுவதில்லை, ஆனால் அதன் மகள்களின் முட்டையில் பாதி அதன் வழியாகத்தான் வருகிறது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி அதன் தாயைப் பற்றிக் கேட்பது. "இதன் தாய் அடைக்குப் படுக்கும் முன் எத்தனை முட்டை இடும்? குஞ்சைப் பிரித்த பிறகு எத்தனை நாளில் திரும்ப இடத் தொடங்கும்?" என்று இரண்டு பேரிடமும் கேளுங்கள். தாயை வைத்திருப்பவர் யோசிக்காமல் சொல்லிவிடுவார். எங்கோ வாங்கி விற்பவருக்குப் பதில் வராது.

அவர் தருவதாகச் சொன்ன பேடுகளுக்கு வருகிறேன். பேட்டின் படத்தில் எல்லாரும் செய்யும் பிழை, மஞ்சள் கால் மினுங்குவதைப் பார்த்து எடுப்பது. மஞ்சள் தோல் உள்ள பேடு முட்டையிடத் தொடங்கினால் தீனில் இருந்து வரும் மஞ்சள் நிறம் முட்டையின் கருவுக்குப் போய்விடும். அதனால் உடம்பின் மஞ்சள் ஒழுங்காக ஒவ்வொரு இடமாக வெளிறும்: முதலில் பின்துவாரம், பிறகு கண் ஓரம், நான்கு முதல் ஆறு கிழமையில் சொண்டு, கடைசியாக நான்கு முதல் ஆறு மாதத்தில் கால். ஆகவே கொண்டை சிவந்து பெருத்து, சொண்டும் காலும் வெளிறி, இறகு சற்றுத் தேய்ந்து அழுக்காக இருக்கும் பேடுதான் உழைத்துக்கொண்டிருக்கும் பேடு. மினுமினுப்பான இறகும் குங்குமப்பூ மஞ்சளில் காலும் உள்ளது சும்மா நிற்கிறது, அல்லது இன்னும் முட்டையே இடாத பெட்டைக்குஞ்சு. அவர் அனுப்பிய இரண்டில் நீங்கள் "கால் வெளிறிப்போய்க் கிடக்கிறது" என்று குறித்த பேடுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. கறுப்புக்கால், வெள்ளைத்தோல் பேடுகளில் இந்தக் கணக்குப் பார்க்க முடியாது. பச்சை இலையோ மஞ்சள் சோளமோ கிடைக்காத கோழியும் முட்டையிடாமலே வெளிறியிருக்கும், அதனால் கொண்டையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். அடைகிடக்கும் பேட்டின் கொண்டை வெளிறிச் சுருங்குவது இயல்பு, அதை நோய் என்று எண்ண வேண்டாம்.

ஆனாலும் அந்தப் பேடுகளை எடுக்கும் முன், சேவலும் அவையும் ஒரே தாயின் குஞ்சுகளா என்று கேளுங்கள். ஒரே முற்றத்தில் ஒரே வயதில் நின்றால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அப்படியென்றால் சேவலை மட்டும் எடுங்கள்.

கிண்ணியாவுக்கும் தம்பலகாமத்துக்கும் இந்தச் செய்தியை அப்படியே அனுப்பலாம்: "அண்ணா, காலை எட்டு மணிக்கு நிழலில், வெள்ளைக் கடதாசி ஒன்றைப் பக்கத்தில் வைத்து, ஆறு அடி தள்ளிக் குந்தியிருந்து சேவலின் முதுகு உயரத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். ஒன்று பக்கவாட்டில், ஒன்று பின்னாலிருந்து, ஒன்று தலை இரண்டு பக்கமும், ஒன்று கால் இரண்டும் குதிமுள்ளோடு. நடக்கும் வீடியோவும் வேண்டும். தராசில் வைத்து நிறையும் சொல்லுங்கள்." தலைப் படம் இரண்டு பக்கமும் என்பதால் ஐந்தாகிவிடும், பரவாயில்லை. நெஞ்செலும்பு வளைந்திருக்கிறதா, தசை பிடித்திருக்கிறதா என்று எந்தப் படத்திலும் தெரியாது, இறகு மறைத்துவிடும். அதற்குத்தான் நிறை கேட்கச் சொன்னேன். வளர்ந்த ஊர்ச்சேவல் ஒன்றரைக் கிலோவுக்குக் கீழே நின்றால் நெஞ்சு கத்தி மாதிரி இருக்கக்கூடும். சேவல் வந்த அன்றே கையை வைத்து நீங்களே தடவிப் பாருங்கள்.

தம்பலகாமத்தின் பின்பக்கப் படத்தில் கணுவும் வாலும் நேராக இருந்தால் அதையே எடுங்கள். அதில் குறை இருந்து, கிண்ணியாவின் புள்ளிகள் கொத்துக் காயம்தான் என்று தெரிந்து, குதிமுள்ளும் இளமையாக இருந்தால் அதை எடுக்கலாம். இரண்டிலும் குறை என்றால் இன்னும் ஒரு மாதம் பொறுப்பதில் நட்டமில்லை, சேவல் இல்லாவிட்டாலும் பேடுகள் முட்டையிடும்.

வந்த சேவலை நேரே பேடுகளோடு விடாதீர்கள். மூன்று கிழமை தனிக்கூட்டில், உங்கள் கோழிகள் நிற்கும் இடத்திலிருந்து தள்ளி, தனித் தண்ணீர்ச் சட்டியோடு வையுங்கள். ரானிக்கெட் போன்ற நோயைச் சுமந்து வந்திருந்தால் அதற்குள் பெரும்பாலும் வெளிவரும். உங்கள் கால்நடை வைத்திய அலுவலகத்தில் தடுப்பூசியையும் விசாரித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று கிழமையில் இன்னொரு வேலையும் நடக்கிறது. பேட்டின் உடம்பில் பழைய சேவலின் விந்து இரண்டு, சிலவேளை மூன்று கிழமை வரை உயிரோடு இருக்கும். புதுச்சேவலைச் சேர்க்கும்போது அது தீர்ந்திருக்கும், அதற்குப் பிறகு வரும் கரு எல்லாம் புதியதன் கரு.

சேர்த்துப் பத்து நாள் கழித்து, வெவ்வேறு பேடுகளின் முட்டையாகப் பார்த்துப் பத்து முட்டை எடுங்கள். ஏழு நாளைக்கு மேல் பழைய முட்டை வேண்டாம். அடைக்கு வைத்து ஏழாம் இரவு, விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச்சின் வாயில் முட்டையின் அகன்ற பக்கத்தை வைத்துப் பாருங்கள். நடுவில் கறுத்த புள்ளியும் அதிலிருந்து சிலந்திவலை மாதிரிச் சிவப்பு நரம்புகளும் ஓடினால் கரு. எட்டு முட்டைக்கு மேல் அப்படித் தெரிந்தால் சேவல் சரி. ஐந்துக்குக் கீழே என்றால் உடனே சேவலைக் குறை சொல்லாமல், எந்தப் பேட்டின் முட்டைகள் வெறுமையாக வந்தன என்று பாருங்கள். ஒரே பேடுகளின் முட்டைகள் என்றால் சேவல் அவற்றை மிதிக்கவில்லை, கூட்டில் மூத்த பேடு எதுவும் அதை விரட்டுகிறதா என்று விடியற்காலையில் நின்று கவனியுங்கள். எல்லாப் பேடுகளின் முட்டையிலும் வெறுமை கலந்திருந்தால் இன்னொரு பத்து முட்டை வைத்துப் பாருங்கள். அதிலும் அப்படியே வந்தால் அந்தச் சேவலை மாற்ற வேண்டும்.